வீட்டை விற்காமல் மாத வருமானம்: சென்னை மூத்த குடிமக்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நங்கநல்லூரில் எங்கள் மூத்த குடிமக்கள் சங்கத்தில் சனிக்கிழமை மாலைகளில் உட்காருவேன். சொந்த வீடு உண்டு, கையில் பணம் இல்லை என்ற நிலையில் இருப்பவர்கள் வந்து கேட்கிறார்கள். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்றால் வீட்டை வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிடுவதா?

இல்லை. பத்திரம் உங்கள் பெயரிலேயே இருக்கும், நீங்களும் அதே வீட்டில்தான் குடியிருப்பீர்கள். வீட்டை அடமானமாக வைத்துக்கொண்டு வங்கி மாதாமாதம் ஒரு தொகை தருகிறது. சாதாரண வீட்டுக்கடனில் நாம் வங்கிக்குத் தவணை கட்டுவோம், கடன் குறைந்துகொண்டே வரும். இதில் வங்கி நமக்குத் தவணை தருகிறது, கடன் ஏறிக்கொண்டே போகிறது. நீங்கள் இருக்கும்வரை ஒரு ரூபாய்கூடத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

2007-08 மத்திய பட்ஜெட்டில் அறிவித்து, தேசிய வீட்டுவசதி வங்கி விதிமுறைகளை வகுத்த திட்டம் இது. ஆனாலும் பல கிளைகளில் கேட்டால் மேலாளரே யோசிப்பார். ‘வீட்டை வைத்துக் கடன்தானே’ என்று வேறொரு படிவத்தை நீட்டுவார். அது மாதத் தவணை கட்ட வேண்டிய சாதாரண அடமானக் கடன். வருமானம் இல்லாதவர் அதில் கையெழுத்துப் போட்டால் சில மாதங்களிலேயே தவணை தவறும், வீடு ஏலத்துக்குப் போகும். ‘நான் மாதாமாதம் கட்ட வேண்டுமா, எனக்கு மாதாமாதம் வருமா?’ இந்த ஒரு கேள்வியை வாய்விட்டுக் கேட்டுவிட்டுப் பிறகு படிவத்தைத் தொடுங்கள்.

எனக்கு 67, மனைவிக்கு 62. எங்களுக்குக் கிடைக்குமா?

வயது சரி. 60 நிரம்பியிருக்க வேண்டும். தம்பதியாகச் சேர்ந்து வாங்கினால் ஒருவர் 60-ஐத் தாண்டி, மற்றவர் 55-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பொது விதி. சில வங்கிகள் துணைவரின் வயதைச் சற்றுக் கூடுதலாகக் கேட்கும்.

வீடு நீங்களே சம்பாதித்து வாங்கியதாகவும், நீங்கள் நிரந்தரமாகக் குடியிருப்பதாகவும் இருக்க வேண்டும். பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்து ஆகாது. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி எல்லாவற்றையும் வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பார். வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் இருப்பவர்கள் பலர் ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் வைத்துக்கொண்டு, கிரயப் பத்திரம் வாங்காமலே முப்பது வருடம் ஓட்டியிருக்கிறார்கள். அவர்கள் முதலில் வாரியத்திடம் கிரயப் பத்திரம் வாங்க வேண்டும்.

ஒரு கோடி ரூபாய் பெறும் வீட்டுக்கு மாதம் எவ்வளவு வரும்?

மேற்கு மாம்பலத்திலிருந்து வந்த தம்பதிக்கு நான் நோட்டில் போட்டுக் காட்டிய கணக்கையே சொல்கிறேன். மேலே கேட்ட அதே 67-ம் 62-ம்தான். வீட்டின் மதிப்பு ஒரு கோடி. அதில் 80 சதவீதம், அதாவது 80 லட்சத்தைக் கடனின் உச்ச வரம்பாக வைத்தோம். வட்டி 10 சதவீதம், காலம் 15 ஆண்டு. மாதம் வருவது சுமார் 19,300 ரூபாய்.

பெரியவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பி, 80 லட்சத்தை 180 மாதத்தால் வகுத்துப் பார்த்தார். நாற்பத்து நாலாயிரத்துக்கு மேல் வந்தது. “பாதிகூட இல்லையே சார்” என்றார். அந்த 80 லட்சத்தில் வங்கி தரும் பணமும் அதன் மேல் ஏறப்போகும் வட்டியும் சேர்ந்தே அடக்கம். இது தெரியாமல் வருகிறவர்கள்தான் அதிகம்.

காலத்தைக் குறைத்தால் தொகை ஏறும். அதே வீட்டுக்கு, அதே வட்டியில் 10 ஆண்டு என்றால் மாதம் சுமார் 39,000. 20 ஆண்டு என்றால் சுமார் 10,500 மட்டுமே. வட்டியும் சதவீத வரம்பும் வங்கிக்கு வங்கி மாறும்.

அப்படியானால் மீதிப் பணமெல்லாம் வட்டிக்கே போகிறதா?

ஆமாம், அதிலும் பெரும்பகுதி கடைசி வருடங்களில் போகிறது. அதே கணக்கில் முதல் ஐந்து ஆண்டு முடியும்போது கையில் வாங்கியிருப்பது 11.58 லட்சம், கடன் கிட்டத்தட்ட 15 லட்சம். பத்தாம் ஆண்டு முடிவில் வாங்கியது 23.16 லட்சம், கடன் 39.5 லட்சம். பதினைந்தாம் ஆண்டு முடிவில் வாங்கியது 34.74 லட்சம், கடன் 80 லட்சம். கடைசி ஐந்து வருடத்தை மட்டும் பாருங்கள். கைக்கு வந்தது பதினொன்றரை லட்சம், கடன் ஏறியது நாற்பது லட்சம்.

கூட்டு வட்டியின் இயல்பு அது. நாம் எதையும் திருப்பிக் கட்டாததால் வட்டிக்கு வட்டி ஏறுகிறது. கையில் வேறு பணம் வந்தால் இடையில் கட்டிக் கடனைக் குறைக்கலாம், முழுவதும் அடைத்துப் பத்திரத்தை மீட்கவும் செய்யலாம். முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கூடாது என்பது விதி.

15 வருடம் முடிந்த பிறகும் நாங்கள் உயிரோடு இருந்தால் வெளியே அனுப்பிவிடுவார்களா?

அனுப்ப முடியாது. கடைசி ஆள் இருக்கும்வரை வீட்டில் இருக்கலாம். ஆனால் மாதப் பணம் நின்றுவிடும். இந்தத் திட்டத்தில் நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

மாம்பலம் தம்பதிக்குப் பணம் நிற்கும்போது அவருக்கு 82, அந்த அம்மாவுக்கு 77. அந்த வயதில்தான் வீட்டோடு ஆள் வைக்க வேண்டியிருக்கும், மருந்துச் செலவும் கூடியிருக்கும். 19,300 ரூபாயின் மதிப்பும் அதற்குள் பாதிக்குக் கீழே போயிருக்கலாம். வீடு ஏற்கெனவே அடமானத்தில் இருப்பதால் அதை வைத்து வேறு கடனும் புரட்ட முடியாது. பேசிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா, “அவருக்கு எத்தனை வயதில் நிற்கும் என்று சொன்னீர்கள், எனக்கு எத்தனை வயதில்?” என்று கேட்டார். சங்கத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் நோட்டில் 77 என்று எழுதி வட்டம் போட்டேன்.

ஆகவே 60 வயதிலேயே தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஓய்வூதியமோ வைப்புநிதி வட்டியோ கொண்டு எழுபது, எழுபத்திரண்டுவரை சமாளிக்க முடிந்தால் சமாளியுங்கள். 72-இல் தொடங்கினால் 15 ஆண்டுப் பணம் 87வரை வரும். வங்கி உங்கள் வயதைப் பார்த்து 10 ஆண்டுதான் தரும் என்றால் மாதத் தொகை கூடும். அதில் ஒரு பகுதியை அப்படியே ஒதுக்கி வையுங்கள். காப்பீட்டு நிறுவனம் மூலம் ஆயுள் முழுதும் மாதத் தொகை தரும் வகையும் 2009-இல் வந்தது. எல்லா வங்கியிலும் அது கிடைக்காது, கேட்டுப் பார்க்கலாம்.

வீடு அவர் பெயரில் இருக்கிறது. அவர் போய்விட்டால் என் கதி என்ன?

நீங்களும் கடனில் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. போட்டிருந்தால், அவருக்குப் பிறகும் நீங்கள் வீட்டில் இருக்கலாம். கடன் கெடு உங்கள் காலத்துக்குப் பிறகுதான். போடாமல் இருந்தால், அவர் மறைந்ததுமே கடனை அடைக்கச் சொல்லும் உரிமை வங்கிக்கு வந்துவிடும். மனைவிக்கு 55 ஆகவில்லை என்பதற்காகக் கணவர் பெயரில் மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சில வருடம் காத்திருந்து இருவரும் சேர்ந்தே வாங்குங்கள்.

பிள்ளைகள் தலையில் கடன் விழுமா?

விழாது. இருவரும் போன பிறகு வாரிசுகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. கடனையும் வட்டியையும் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ளலாம். முடியாவிட்டால் வீட்டை விற்றுக் கடன் போக மீதியை எடுத்துக்கொள்ளலாம். நம் கணக்கில் பத்தாம் ஆண்டில் அப்படி நேர்ந்தால், 39.5 லட்சம் கட்டினால் வீடு அவர்களுடையது.

கடன் வீட்டின் விலையைத் தாண்டிப் போனாலும், விதிமுறைகளை மீறாதவரை, வீட்டை விற்று வரும் தொகைக்கு மேல் வங்கி கேட்க முடியாது. உங்கள் நகை, வைப்புநிதி, பிள்ளைகளின் சம்பளம் எதிலும் கை வைக்க முடியாது. கடன் விவரத்தைக் குறிப்பிட்டுப் பதிவு செய்த உயில் ஒன்றை வங்கி கேட்கும். அதை எழுதும் நாளிலேயே பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். அப்பா மறைந்த பதினைந்தாம் நாள் வங்கிக் கடிதம் வந்த பிறகே விஷயம் தெரியவந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். அண்ணன் தம்பிக்குள் பேச்சே நின்றுபோனது.

வரும் பணத்துக்கு வருமான வரி உண்டா?

கிடையாது. அது கடன், வருமானம் அல்ல. வீட்டை அடமானம் வைப்பதும் விற்பனையாகக் கருதப்படாது. கடனை வசூலிக்க வீடு விற்கப்படும்போது மூலதன ஆதாய வரிக் கேள்வி எழும்.

மனைவிக்கு ஆபரேஷன். மொத்தமாக ஒரு தொகை எடுக்க முடியுமா?

மருத்துவச் செலவுக்கு எடுக்கலாம். மொத்தக் கடன் தகுதியில் பாதி அல்லது 15 லட்சம், இரண்டில் எது குறைவோ அதுவரை. வியாபாரத்துக்கோ பங்குச் சந்தைக்கோ கூடாது.

ஆனால் தொடக்கத்திலேயே மொத்தமாக எடுப்பது மாதத் தொகையை அடியோடு அரித்துவிடும். முதல் நாளே 15 லட்சம் எடுத்தால், 10 சதவீத வட்டியில் 15 ஆண்டில் அது மட்டுமே சுமார் 67 லட்சம் ஆகிறது. 80 லட்ச வரம்பில் மிச்சம் 13 லட்சம். மாதம் 19,300 வர வேண்டிய இடத்தில் 3,200 தான் வரும். மருத்துவக் காப்பீடு, நகைக்கடன், பிள்ளைகள் என்று வேறு எந்த வழி இருந்தாலும் முதலில் அதைப் பாருங்கள்.

எங்கள் அடுக்ககம் 38 வருடம் பழையது. வங்கி ஏற்குமா?

சென்னையில் அதிகம் பேர் முட்டி நிற்கும் இடம் இது. கட்டடம் இன்னும் 20 ஆண்டாவது தாங்கும் என்று மதிப்பீட்டாளர் எழுதித் தர வேண்டும். ஒரு வீட்டுக்கு மதிப்பீட்டாளர் வந்தபோது நானும் கூட இருந்தேன். பால்கனியின் அடிப்பக்கத்தை விரல் கணுவால் தட்டினார். பொத்தென்று ஓசை வந்தது. பூச்சு ஒரு கை அகலத்துக்குப் பெயர்ந்து விழ, உள்ளே கம்பி துருவேறிப் பருத்திருந்தது. அவர் குறிப்பேட்டில் எழுதியதை எட்டிப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. கடற்கரையை ஒட்டிய பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் உப்புக் காற்றினால் இது இன்னும் சீக்கிரம் வரும்.

பழைய அடுக்ககத்தின் விலை பெரும்பாலும் பிரிக்கப்படாத நிலப் பங்கில்தான் இருக்கிறது. அதனால் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு உங்கள் சங்கத்தில் நடக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். அப்படி நடந்தால் நீங்கள் இரண்டு, மூன்று வருடம் வெளியே இருக்க வேண்டும். ரிவர்ஸ் மார்ட்கேஜிலோ தொடர்ந்து ஒரு வருடம் வீட்டில் குடியிருக்காவிட்டால் வங்கி கடனைக் கேட்கலாம். பத்திரமும் வங்கியில் இருக்கும். அந்தப் பேச்சு தொடங்கியிருந்தால் மறுகட்டுமானம் முடியட்டும். புதிய வீட்டுக்கு மதிப்பும் கூடுதல், 20 ஆண்டுக் கேள்வியும் எழாது.

அமெரிக்காவில் மகளோடு போய் இருக்கலாமா? மாடியை வாடகைக்கு விடலாமா?

ஆறு மாதம் போய் வருவதில் பிரச்சினை இல்லை. ஒரு வருட எல்லையை மேலே சொன்னேன். முதியோர் இல்லத்துக்கு நிரந்தரமாகப் போனாலும் அதே விதிதான். வீட்டை முழுவதுமோ ஒரு பகுதியோ வாடகைக்கு விடுவதும், புதிதாக ஒருவர் பெயரைப் பத்திரத்தில் சேர்ப்பதும் வங்கி கடனை உடனே கேட்கக் காரணம் ஆகலாம். மாடி வாடகை உங்கள் செலவுக்குப் போதுமென்றால் இந்தக் கடனே வேண்டாம்.

மாநகராட்சிச் சொத்துவரி, குடிநீர் வாரிய வரி, வீட்டுக் காப்பீடு, பழுதுபார்ப்பு எல்லாம் உங்கள் பொறுப்பு. தவறினால் அதுவும் மீறல். மாதத் தொகையிலிருந்து இவற்றுக்கு முதலில் ஒதுக்குங்கள்.

விற்றுவிட்டுப் புறநகரில் சின்ன வீடு வாங்கினால் என்ன?

கணக்கு மட்டும் பார்த்தால் பெரும்பாலும் இதுதான் மேல். மாம்பலம் வீட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு கோடிக்கு விற்று, தாம்பரத்துக்கு அப்பால் 55 லட்சத்தில் ஒரு வீடு வாங்குகிறார்கள். முத்திரைத் தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக சுமார் 5 லட்சம். தரகு, வீடு மாற்றும் செலவு, வரி போக 30 லட்சம் கையில் நிற்கும் என்று வைப்போம். அதை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு 61,500, அதாவது மாதத்துக்கு 20,500 ரூபாய். ரிவர்ஸ் மார்ட்கேஜில் வந்த அதே அளவுதான். ஆனால் 30 லட்சம் முதலும் அப்படியே இருக்கிறது, புதிய வீட்டின் மேல் கடனும் இல்லை. ஒருவர் பெயரில் 30 லட்சம்தான் உச்ச வரம்பு. வட்டிக்கு வரி உண்டு. ஐந்து ஆண்டு முடிந்து நீட்டிக்கும்போது வீதம் மாறலாம்.

விற்ற ஆதாயத்தில் புதிய வீட்டுக்குப் போன தொகைக்கு வரிவிலக்கு கிடைக்கும். மிச்சத்துக்கு 12.5 சதவீதம். விற்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

கணக்கில் வராதது ஒன்று உண்டு. முப்பது வருடமாகப் பால் வாங்கும் கடை, இரவில் கூப்பிட்டாலும் வரும் டாக்டர், நடந்து போகும் கோயில், எதிர்வீட்டு ஆட்கள். எண்பது வயதில் இவற்றைப் புதிதாகச் சம்பாதிக்க முடியாது. போவதென்றால் அறுபத்தைந்துக்குள், கால் நன்றாக இருக்கும்போதே போய்விட வேண்டும்.

வீட்டை லீசுக்கு விட்டு, அந்தப் பணத்தை வங்கியில் போடலாமா?

போக்கியத்துக்கு விட்டு மொத்தமாக ஒரு தொகை வாங்குவது சென்னையில் வழக்கம். வாடகை கிடையாது, காலம் முடிந்ததும் முழுத் தொகையைத் திருப்பித் தர வேண்டும். அதை வைப்புநிதியில் போட்டு வட்டியை மட்டும் செலவழித்தால் பாதுகாப்பு. நடைமுறையில் பேத்தி கல்யாணம், ஆஸ்பத்திரி என்று முதல் கரைந்துவிடுகிறது. அப்போது அடுத்த ஆளைப் பிடித்து அவர் பணத்தில் முதல் ஆளுக்குத் தர வேண்டிய நிலை வரும். முதலைத் தொடாமல் இருக்க முடியுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில், பதிவோடு இருக்கட்டும்.

பத்திரத்தைக் கொடுத்தால் மறுநாளே பணம் தருகிறேன் என்கிறார் ஒருவர். பவர் மட்டும் எழுதித் தரச் சொல்கிறார்.

எழுதித் தராதீர்கள். கடனுக்கு ஈடாகப் பவர் பத்திரமோ விற்பனை ஒப்பந்தமோ கேட்பவர் உங்கள் வீட்டை விற்கும் அதிகாரத்தைக் கேட்கிறார். கடன் என்றால் அடமானப் பத்திரம்தான் எழுத வேண்டும். ‘சும்மா ஒரு பாதுகாப்புக்கு’ என்று சொல்லி வாங்கிய பவரை வைத்து வீடு மூன்றாம் நபருக்குக் கிரயமான வழக்கு எங்கள் தெருவிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. வங்கி மூன்று மாதம் இழுத்தடிக்கிறதே என்ற எரிச்சலில்தான் அந்தக் குடும்பம் அவரிடம் போனது.

மகன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவிட்டோம். இப்போது ரிவர்ஸ் மார்ட்கேஜ் வாங்க முடியுமா?

முடியாது, வீடு இப்போது மகனுடையது. பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதியிருந்து அவர் பராமரிக்கவில்லை என்றால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். மனுவை வருவாய்க் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். நிபந்தனை எழுத்தில் இருந்தால் வேலை சுலபம், இல்லாவிட்டால் வாதாட வேண்டியிருக்கும். இன்னும் எழுதாதவர்கள் செட்டில்மென்ட்டை விட்டு உயில் எழுதலாம். உயிலை உங்கள் காலம்வரை மாற்றிக்கொள்ளலாம், வீட்டின் மேல் உங்கள் உரிமையும் குறையாது.

எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறினால்?

ஆவணங்களில் கையெழுத்தான பின் மூன்று வேலை நாள்வரை ரத்து செய்ய அவகாசம் தரலாம் என்று தேசிய வீட்டுவசதி வங்கியின் விதிமுறை சொல்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள். மாம்பலம் தம்பதி அந்த அவகாசத்தைப் பயன்படுத்தவில்லை, அதற்கு முன்பே நின்றுவிட்டார்கள். வட்டம் போட்ட 77-ஐ அந்த அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் நாள்காட்டியின் பின்புறம் எழுதி வைத்திருந்தாராம். இன்னும் நான்கு வருடம் பொறுத்து, அந்த அம்மாவுக்கு 66 ஆனதும் வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அதுவரை பின்னறையைக் கல்லூரி மாணவிகள் இருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.